நெருப்பையும் நீரையும் எண்ணெயையும் பிரித்து வைக்கும் தகடு

காரோ லாரியோ எதுவானாலும், அதன் எஞ்சின் ஒரே வார்ப்பாக இருப்பதில்லை. பிஸ்டன்கள் ஏறி இறங்கும் சிலிண்டர்கள் கீழே பிளாக்கில் இருக்கின்றன. அந்தச் சிலிண்டர்களுக்கு மூடியாகவும், வால்வுகளுக்கும் ஸ்பார்க் பிளக்குகளுக்கும் இடமாகவும் மேலே சிலிண்டர் ஹெட் உட்காருகிறது. இரண்டையும் நீளமான போல்ட்கள் இறுக்கிப் பிடிக்கின்றன. எவ்வளவு நுட்பமாகக் கடைந்தாலும் இரண்டு உலோகப் பரப்புகள் முழுமையாகப் பொருந்துவதில்லை. கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் எஞ்சி நிற்கும். அந்த இடைவெளியை நிரப்ப நடுவில் வைக்கப்படும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கெட். பெரும்பாலான கார்களில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரையொட்டி இருக்கும்.

எஞ்சினில் வேறு கேஸ்கெட்களும் உண்டு. ஆயில் சம்ப்புக்கு ஒன்று, வால்வு மூடிக்கு ஒன்று, தண்ணீர்ப் பம்புக்கு ஒன்று என்று அவை ஒவ்வொன்றும் ஒரே ஒரு பொருளை அடைத்து வைக்கின்றன. ஹெட் கேஸ்கெட்டின் நிலை வேறு. அதற்குள் மூன்று விதமான துளைகள் இருக்கின்றன. பெரிய வட்டங்கள் சிலிண்டர்களுக்கு உரியவை. அவற்றைச் சுற்றியுள்ள சிறு துளைகள் வழியாகக் கூலன்ட் பிளாக்கிலிருந்து ஹெட்டுக்கு ஏறுகிறது. இன்னும் சில துளைகளில் ஒன்று, வால்வு இயங்கும் பகுதிக்கு ஆயிலை அழுத்தத்தோடு மேலே கொண்டுபோகிறது. மற்றவை அந்த ஆயில் மீண்டும் சம்ப்பில் வடிவதற்கான வழிகள். எரியும் வாயு, கூலன்ட், ஆயில் ஆகிய மூன்றும் ஒன்றிலிருந்து ஒன்று சில மில்லிமீட்டர் தூரத்தில்தான் ஓடுகின்றன. மூன்றும் வெளியே கசியவும் கூடாது, தமக்குள் கலக்கவும் கூடாது.

மூன்றின் அழுத்தமும் சமமாக இருந்தால் வேலை எளிதாக இருந்திருக்கும். ரேடியேட்டர் மூடி அனுமதிக்கும் அளவைப் பொறுத்து, சூடான கூலன்ட்டின் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சுமார் ஒரு பார் கூடுதலாக இருக்கும். ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தத்தின் அளவு. ஓடும் எஞ்சினில் ஆயில் அழுத்தம் மூன்று முதல் ஐந்து பார். சிலிண்டருக்குள் எரிபொருள் எரியும் கணத்தில் அழுத்தம் பெட்ரோல் எஞ்சினிலேயே 60 பாரைத் தொடலாம். டர்போ பொருத்திய டீசல் எஞ்சினில் 150 பாரையும் தாண்டும். வெப்பமும் இப்படித்தான். கூலன்ட் 90 டிகிரி செல்சியஸ் அளவில் ஓடிக்கொண்டிருக்க, அதன் பக்கத்துத் துளையில் எரியும் வாயு ஒரு கணம் 2,000 டிகிரிக்கு மேல் போகிறது.

இதில் எரிவாயுவின் பங்கை மட்டும் கணக்கிட்டுப் பார்க்கலாம். சிலிண்டரின் விட்டம் 80 மில்லிமீட்டர் என்றால் அதன் வட்டப் பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். 60 பார் அழுத்தம் அந்தப் பரப்பின் மேல் செயல்படும்போது ஹெட்டை மேலே தள்ளும் விசை ஏறத்தாழ மூன்று டன் எடைக்குச் சமம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 25 முறை இந்தத் தள்ளல் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் ஹெட் மைக்ரான் கணக்கில் மேலே எழும்பித் திரும்ப அமர்கிறது. அந்த நுண்ணிய எழும்பலின்போதும் கேஸ்கெட் இரு பரப்புகளோடும் ஒட்டியே இருக்க வேண்டும்.

இதைச் சாத்தியமாக்குவது கேஸ்கெட் மட்டும் அல்ல, போல்ட்களின் இழுவிசையும்தான். போல்ட்டை முறுக்கும்போது அது மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட எஃகு தன் பழைய நீளத்துக்குத் திரும்ப முயலும் விசைதான் ஹெட்டைப் பிளாக்கின் மேல் அழுத்துகிறது. வாயு ஹெட்டைத் தள்ளும் விசையைவிட இந்த அழுத்து விசை எப்போதும் கணிசமாகக் கூடுதலாக இருந்தால்தான் அடைப்பு நிலைக்கும். இன்றைய எஞ்சின்கள் பலவற்றில் போல்ட்டை ஓர் அளவு முறுக்கு விசை வரை இறுக்கிய பிறகு, 90 டிகிரி, மறுபடியும் 90 டிகிரி என்று கோணக் கணக்கில் திருப்பச் சொல்கிறார்கள். மரையில் ஏற்படும் உராய்வு போல்ட்டுக்குப் போல்ட் மாறுபடும் என்பதால் முறுக்கு விசையை மட்டும் நம்பினால் ஒவ்வொரு போல்ட்டும் வெவ்வேறு அளவு நீளும். கோணத்தில் திருப்பினால் நீட்சி ஏறக்குறைய ஒன்றாக வரும். இப்படி எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்கும் எல்லை வரை இழுக்கப்படும் போல்ட்களை இரண்டாம் முறை பயன்படுத்தக் கூடாது. நடுவில் உள்ள போல்ட்களில் தொடங்கி வெளிப்புறம் நோக்கி இறுக்கிச் செல்வதற்கும் காரணம் உண்டு. ஓரங்களை முதலில் இறுக்கினால் தகட்டின் நடுவில் ஏற்படும் சிறு புடைப்பு வெளியேற வழியின்றி அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

போல்ட்கள் தரும் விசையைத் தகடு எல்லா இடத்துக்கும் சமமாகப் பங்கிடுவதில்லை, பங்கிடவும் கூடாது. பெரும்பகுதி சிலிண்டர் வட்டங்களின் விளிம்புக்குப் போக வேண்டும், மிச்சம் கூலன்ட், ஆயில் துளைகளுக்குப் போதும். முற்காலத்துக் கேஸ்கெட்கள் செம்புத் தகடுகளுக்கு நடுவே கல்நார் வைத்துச் செய்யப்பட்டவை. சிலிண்டர் விளிம்பில் மட்டும் உலோகம் மடித்து வளையமாக்கப்பட்டிருக்கும். கல்நார் நுரையீரலைக் கெடுக்கும் பொருள் என்பதால் அது விலக்கப்பட்டு, கிராஃபைட் போன்றவை அந்த இடத்துக்கு வந்தன. 1990களிலிருந்து பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட் பரவலாயிற்று. மெல்லிய துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் இரண்டு, மூன்று அல்லது அதற்கு மேல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஓர் உயர்ந்த வரம்பு தகட்டிலேயே அழுத்தி உருவாக்கப்பட்டிருக்கும். ஹெட் இறுக்கப்படும்போது அந்த வரம்பு தட்டையாகிறது. ஹெட் மைக்ரான் அளவு எழும்பும்போது வில் தன்மையால் அதுவும் உடன் எழும்பி இடைவெளியை மூடுகிறது. மேலும் கீழும் உள்ள பரப்பில் பூசப்பட்ட மிக மெல்லிய ரப்பர்ப் பூச்சு நுண்ணிய கீறல்களை நிரப்புகிறது. கிராஃபைட் தகடு சற்றுச் சொரசொரப்பான பரப்பையும் பொறுத்துக்கொள்ளும். எஃகுத் தகடு பொறுக்காது. அதன் வலிமைக்கு விலை, பிளாக்கும் ஹெட்டும் மிக வழவழப்பாகவும் சமதளமாகவும் இருக்க வேண்டும் என்பது.

கூலன்ட் துளைகளைப் பற்றி ஒரு செய்தி பலருக்குத் தெரியாது. பிளாக்கில் உள்ள நீர்வழியைவிடக் கேஸ்கெட்டில் உள்ள துளை பல இடங்களில் சிறியதாக இருக்கும். சில இடங்களில் அடைபட்டே இருக்கும். இது தயாரிப்புப் பிழை அல்ல. கூலன்ட் பம்ப்புக்கு அருகிலுள்ள முதல் சிலிண்டரிலேயே மேலே ஏறிவிடாமல் கடைசிச் சிலிண்டர் வரை போய்ச் சேரும்படி ஓட்டத்தைப் பங்கிடுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. துளை பொருந்தவில்லை என்று நினைத்து வெட்டிப் பெரிதாக்கினால் பின்பக்கச் சிலிண்டர்கள் சூடேறத் தொடங்கும்.

அழுத்தத்தை எதிர்த்து நிற்பதோடு கேஸ்கெட் வெப்ப விரிவையும் சமாளிக்க வேண்டும். ஒரு மீட்டர் நீள உலோகம் நூறு டிகிரி சூடேறினால் அலுமினியம் சுமார் 2.3 மில்லிமீட்டரும், வார்ப்பிரும்பும் எஃகும் ஏறக்குறைய அதில் பாதியும் நீளும். பிளாக் வார்ப்பிரும்பாகவும் ஹெட் அலுமினியமாகவும் உள்ள எஞ்சினில், 40 சென்டிமீட்டர் நீள ஹெட் 80 டிகிரி சூடானால், தடையின்றி விரிய விட்டால், இரண்டுக்கும் இடையே சுமார் 0.4 மில்லிமீட்டர் வேறுபாடு வரும். போல்ட்கள் இறுக்கிப் பிடித்திருப்பதால் அவ்வளவும் நடந்துவிடாது என்றாலும், ஒவ்வொரு முறை எஞ்சின் சூடாகி ஆறும்போதும் ஹெட்டின் அடிப்பரப்பு கேஸ்கெட்டின் மேல் தேய்கிறது. நல்ல தகடு இந்தத் தேய்ப்பை ஆண்டுக்கணக்கில் தாங்கும்.

தாங்க முடியாதது அளவுமீறிய சூடு. அலுமினிய ஹெட் போல்ட்களைவிட வேகமாக விரிவதால் எஞ்சின் சூடாகும்போது போல்ட்டின் இழுவிசை கூடுகிறது. வழக்கமான சூட்டில் அது வரம்புக்குள் இருக்கும். கூலன்ட் குறைந்து ஹெட்டின் ஒரு பகுதி 150, 200 டிகிரி என்று ஏறிவிட்டால் அலுமினியம் மென்மையாகிறது. அதே நேரத்தில் அதன் மேல் உள்ள அழுத்தமோ உச்சத்தில் இருக்கிறது. போல்ட் தலைக்கு அடியிலும் கேஸ்கெட் வரம்பின் மேலும் உலோகம் நசுங்கிப் பதிகிறது. எஞ்சின் ஆறியபின் ஹெட் சுருங்குகிறது, ஆனால் நசுங்கிய இடம் நிமிர்வதில்லை. போல்ட்டின் நீட்சி அந்த அளவு குறைந்துபோகிறது, அழுத்து விசையும் கூடவே குறைகிறது. சூட்டில் ஹெட் வில்லாக வளைந்திருந்தால் நடுவிலோ ஓரத்திலோ இடைவெளியே விழுந்திருக்கும். மறுநாள் எஞ்சின் சாதாரணமாகக் கிளம்பி ஓடலாம். அடைப்பு நழுவத் தொடங்கியிருக்கும். எனவே "கேஸ்கெட் போய்விட்டதால் எஞ்சின் சூடானது" என்று பட்டறைகளில் சொல்லப்படும் சம்பவங்களில் பல, உண்மையில் எஞ்சின் சூடானதால் கேஸ்கெட் போன கதைகள்தாம்.

இதற்குப் பிரிட்டனின் ரோவர் நிறுவனம் தயாரித்த கே சீரிஸ் எஞ்சின் நன்கு அறியப்பட்ட சான்று. 1980களின் இறுதியில் 1.1, 1.4 லிட்டர் அளவில் வந்த அந்த எஞ்சின், எடை குறைவான அருமையான வடிவமைப்பு. பிளாக், ஹெட் இரண்டும் அலுமினியம். பத்து நீளமான போல்ட்கள் ஹெட்டில் நுழைந்து பிளாக்கைக் கடந்து கிராங்க் தண்டின் அடிச்சட்டம் வரை சென்று, முழு எஞ்சினையும் ஒரே கட்டாகப் பிடித்தன. சிலிண்டர்கள் தனிக் குழாய்களாகச் செய்யப்பட்டுப் பிளாக்குக்குள் செருகப்பட்டன. பின்னர் அதே எஞ்சினை 1.8 லிட்டராகப் பெரிதாக்கி, 1995இல் எம்ஜிஎஃப் காரிலும், 1997இல் லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டரிலும் பொருத்தினார்கள். ஹெட் கேஸ்கெட் பழுதுக்கு அந்த எஞ்சின் பெயர் வாங்கியது அதன் பிறகுதான்.

காரணம் ஒன்றல்ல. சிலிண்டரின் விட்டம் 75இலிருந்து 80 மில்லிமீட்டராயிற்று. எஞ்சினின் நீளம் மாறாததால் இரு சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கெட் அமரும் பாலம் அதற்கேற்பக் குறுகியது. அதே அழுத்தத்துக்கு ஹெட்டைத் தள்ளும் விசையோ சுமார் 14 சதவீதம் கூடியது. கேஸ்கெட்டின் விளிம்பு சிலிண்டர் குழாய்களின் உச்சியில் அமர்வதால் அந்த உச்சி பிளாக்கின் பரப்பைவிட மயிரிழை உயர்ந்து நிற்க வேண்டும். குழாய் சற்றே அமிழ்ந்தாலும் அங்கே அழுத்தம் குறையும். ஹெட்டை இடத்தில் நிறுத்தும் சிறு முளைகள் பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டிருந்ததால் சூட்டில் ஹெட் பக்கவாட்டில் நகர இடம் கிடைத்தது. கேஸ்கெட்டிலோ, கூலன்ட்டை அடைப்பதற்காக உலோகத் தகட்டின் மேல் பதித்திருந்த மிருதுவான ரப்பர் கோடுகள் அந்த நகர்வில் பெயர்ந்து வந்தன.

இவற்றோடு குளிர்விப்பு முறையும் சேர்ந்துகொண்டது. எஞ்சின் விரைவில் சூடாக வேண்டும் என்பதற்காகக் கூலன்ட்டின் கொள்ளளவு குறைவாக வைக்கப்பட்டிருந்தது. தெர்மோஸ்டாட் எஞ்சினிலிருந்து வெளியேறும் பக்கத்தில் இல்லாமல், ரேடியேட்டரிலிருந்து குளிர்ந்த நீர் உள்ளே வரும் பக்கத்தில் இருந்தது. அதனால் எஞ்சினுக்குள் சூடு ஏறியதை அது தாமதமாகவே உணர்ந்தது. திறந்தபோது குளிர்ந்த நீர் மொத்தமாக உள்ளே பாய்ந்து உலோகத்தைத் திடீரெனச் சுருக்கியது. கொள்ளளவு குறைவு என்றால், காற்று உறிஞ்சும் மேனிஃபோல்டின் கேஸ்கெட்டில் ஏற்படும் சொட்டுச் சொட்டான கசிவுகூடச் சில வாரங்களில் நீர்மட்டத்தைக் கீழே கொண்டுவந்துவிடும். அதைக் கவனிக்காமல் ஓட்டிய பல கார்களில் ஹெட் கேஸ்கெட் பழுதானது. நிறுவனம் படிப்படியாகத் திருத்தியது. பிளாஸ்டிக் முளைகளுக்குப் பதில் எஃகு முளைகள் வந்தன. ஃப்ரீலேண்டரில் அழுத்தத்துக்கும் இசைந்து திறக்கும் வேறு வகைத் தெர்மோஸ்டாட் வைக்கப்பட்டது. பின்னர் பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட்டும், கூடுதல் வலுவுள்ள அடிச்சட்டமும் வந்தன. திருத்தங்களின் பட்டியலைப் பார்த்தால் கேஸ்கெட் அதில் ஓர் உறுப்பு மட்டுமே என்பது தெரியும். முளை, போல்ட் கட்டு, தெர்மோஸ்டாட், நீரின் அளவு எல்லாம் சேர்ந்துதான் அந்த அடைப்பு.

அடைப்பு எங்கே விட்டது என்பதைப் பொறுத்து அறிகுறிகள் மாறும். எந்தப் பொருள் எந்தப் பக்கம் போகும் என்பதை அழுத்தமே தீர்மானிக்கிறது என்ற ஒரே விதியை நினைவில் வைத்தால் அவற்றைப் புரிந்துகொள்வது எளிது. சிலிண்டருக்கும் கூலன்ட் வழிக்கும் இடையே அடைப்பு விட்டது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் ஓடும்போது வாயுவின் அழுத்தம் பல மடங்கு கூடுதல், ஆகவே வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது. ரேடியேட்டர் குழாய்கள் எஞ்சின் முழுதாகச் சூடாகும் முன்பே விறைக்கின்றன, நீர்த்தொட்டியில் குமிழிகள் விடாமல் எழுகின்றன, உள்ளே தேங்கும் வாயு கூலன்ட்டை வெளியே தள்ளுகிறது. எஞ்சினை நிறுத்தியதும் நிலைமை தலைகீழாகிறது. சிலிண்டரில் அழுத்தம் இல்லை. சூடான கூலன்ட்டில் இன்னும் இருக்கிறது. இரவு முழுவதும் கூலன்ட் சிலிண்டருக்குள் சொட்டுகிறது. காலையில் கிளப்பும்போது எஞ்சின் தடுமாறி ஓடுவதும், புகைக்குழாயில் இனிப்பு வாடையுடன் அடர்ந்த வெண்புகை வருவதும் அதனால்தான். உள்ளே இறங்கிய நீர் அதிகமானால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. அப்படியே வற்புறுத்தி ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

ஆயிலுக்கும் கூலன்ட்டுக்கும் இடையே விட்டாலும் இதே விதிதான். ஓடும்போது ஆயில் கூலன்ட்டுக்குள் போகிறது. நின்றபின் கூலன்ட் ஆயிலுக்குள் இறங்குகிறது. இரண்டும் கலந்து ஆயில் பால் சேர்த்த காபி நிறத்துக்கு மாறுகிறது. இது எல்லாவற்றிலும் கொடியது, ஏனென்றால் அந்தக் கலவை கிராங்க் பேரிங்குகளைத் தேய்த்துவிடும். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே உள்ள பாலம் எரிந்துபோனாலோ கூலன்ட் குறையாது, ஆயிலும் நிறம் மாறாது. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள் மட்டும் வலுவிழக்கும். கம்ப்ரஷன் அளவி வைத்துப் பார்த்தால் முதலும் நான்காவதும் 12 பார் காட்ட, இரண்டாவதும் மூன்றாவதும் 5 பாருக்கு இறங்கியிருக்கும். இப்படிப் பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் ஒரே அளவு இறங்குவது வால்வுப் பழுதில் அரிதாகவே நேரும்.

அறிகுறி ஒன்றை மட்டும் வைத்து ஹெட்டைக் கழற்றுவது தவறு. குளிர்காலத்தில் குறுகிய தூரமே ஓடும் காரில் ஆயில் மூடியின் அடியில் வெண்பசை படிவதற்குக் காற்றின் ஈரமே போதும். ஆயில் கூலர் ஓட்டையானாலும் ஆயிலும் நீரும் கலக்கும். சந்தேகம் தீர எளிய சோதனை ஒன்று உண்டு. ரேடியேட்டர் வாயில் உள்ள காற்றை ஒரு நீலநிறத் திரவத்தின் வழியே உறிஞ்சுவார்கள். எரிவாயுவின் கரியமில வாயு அதில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். டீசல் எஞ்சினில் பச்சை வரை வந்தாலே போதும். நிறம் மாறினாலும், பிழை கேஸ்கெட்டில்தான் என்று உறுதியாகிவிடாது. ஹெட்டில் விரிசல் இருந்தாலும் இதே விளைவுதான். அதை ஹெட்டைக் கழற்றிப் பரிசோதித்தே அறிய முடியும்.

கழற்றியபின் புதுத் தகடு போட்டு மூடுவது மட்டும் பழுதுபார்ப்பு ஆகாது. நேர்விளிம்புச் சட்டத்தை ஹெட்டின் மேல் குறுக்கும் நெடுக்கும் வைத்து ஃபீலர் கேஜால் வளைவை அளக்க வேண்டும். பல அடுக்கு எஃகுக் கேஸ்கெட்டுக்குப் பல எஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டர் வளைவுதான் எல்லை. அதற்கு மேல் போனால் ஹெட்டை இயந்திரத்தில் சீவிச் சமன்செய்ய வேண்டும். சீவும்போது எரி அறை சிறிதாகும் என்பதால் அதற்கும் தயாரிப்பாளர் ஓர் எல்லை வைத்திருப்பார். டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் பிளாக்கின் பரப்புக்கு மேலே எவ்வளவு துருத்துகிறது என்று அளந்து, அதற்கேற்ற தடிமனுள்ள கேஸ்கெட்டைத் தேர்வார்கள். தடிமனை அடையாளம் காட்டத் தகட்டின் ஓரத்தில் வெட்டுகளோ சிறு துளைகளோ இருக்கும். போல்ட் குழிகளில் ஆயிலோ நீரோ தேங்கியிருக்கக் கூடாது. அடைபட்ட குழியில் திரவத்தின் மேல் போல்ட்டை இறக்கினால் அளவி சரியாகக் காட்டும், ஹெட்டோ இறுகியிருக்காது. பிளாக் வெடிக்கவும் கூடும். பழைய கேஸ்கெட்டின் மிச்சத்தைச் சுரண்ட உப்புத்தாள் போன்றவற்றைப் பயன்படுத்துவதும் ஆபத்து. பரப்பில் பள்ளம் விழும். உதிரும் துகள் ஆயிலோடு பேரிங்குக்குப் போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எஞ்சின் ஏன் சூடானது என்பதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும். பழைய தெர்மோஸ்டாட், ஓடாத விசிறி, அடைத்த ரேடியேட்டர், ஒழுகும் குழாய் இவற்றில் ஒன்று அப்படியே இருந்தால் புதுக் கேஸ்கெட்டும் பழையதன் வழியிலேயே போகும்.

ஓட்டுநரின் கையில் இருப்பது ஒன்றே. வெப்ப முள் வழக்கமான இடத்தைத் தாண்டி ஏறினால் அடுத்த ஊர் வரை போய்விடலாம் என்று எண்ணாமல், பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். முள் ஏறிப் பிறகு திடீரெனக் கீழே விழுந்தால் நிம்மதி கொள்ள வேண்டாம். உணரியைச் சுற்றி நீரே இல்லாமல் போயிருக்கலாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் பீறிடும். சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றாதீர்கள், ஹெட் விரிசல் விடும். முழுதாக ஆறியபின் நீர்மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்பிவிட்டுப் பயணத்தைத் தொடர்வதைவிட, அது எங்கே போனது என்று தெரியும்வரை வண்டியை எடுக்காமல் இருப்பதே நல்லது.